ரிவியூ டேபிளை குறுக்கால மட்டும் படிக்காதீங்க, மேலருந்து கீழயும் படிச்சுப் பாருங்க

காரைக்குடி பக்கம் எம்.எட்டோ பிஎச்.டியோ பண்றவங்க ரெண்டாவது சாப்டருக்கு வந்ததும் கைடு மொதல்ல கேக்குறது, முன்னாடி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் போடுற அந்த ரிவியூ டேபிளைத்தான். நோக்கம், முறை, சாம்பிள், ஃபைண்டிங்ஸ்னு நாலு பத்தி, இடது ஓரத்துல ஆய்வாளர் பேரும் வருஷமும், ஒரு ஆய்வுக்கு ஒரு வரிசை. பாக்க ஈஸியா இருக்கும், அதனாலயே நெறைய பேரு ஆப்ஸ்ட்ராக்ட்டைத் திறந்து வச்சுக்கிட்டு அதை நாலு துண்டா வெட்டி நாலு கட்டத்துல ஒட்டிட்டு அடுத்த பேப்பருக்குப் போயிடுறாங்க. நான் தேவகோட்டையில ஒரு எய்டட் ஸ்கூல்ல டீச்சர், பார்ட் டைமா பிஎச்.டி பண்றேன், அதனால ஜூனியர் பிள்ளைங்க அப்பப்ப டேபிளைத் தூக்கிட்டு வரும். அதுல ஒரு டேபிளைப் பத்தி மட்டும் இங்க எழுதுறேன், ஏன்னா அதுல ரெண்டு வரிசை ஒன்னோட ஒன்னு நேரா மோதிக்கிட்டு நின்னுச்சு.

உமையாள்னு ஒரு எம்.எட் பிள்ளை (பேரை மாத்திட்டேன்). அவ தலைப்பு, ஸ்கூல் பாடத்துக்கு மேல கம்ப்யூட்டர் வழியாவோ தனி ஆள் வச்சோ கூடுதலா சொல்லிக்குடுத்தா பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறுதாங்குறது. கானாடுகாத்தான்ல அவங்க வீட்டு வளவுல உக்காந்து பாத்தோம், ஏ3 தாளை நாலு பக்கமா விரிச்சுப் போட அங்கதான் எடம் இருந்துச்சு. அவ எழுதியிருந்ததுல ஒரு வரிசை பானர்ஜி, கோல், டுஃப்லோ, லிண்டன் 2007. அதுல ஃபைண்டிங்ஸ் கட்டத்துல "கணினி வழிக் கற்றல் மாணவர்களின் கணிதத் திறனை மேம்படுத்துகிறது". அதுக்கு ரெண்டு வரிசை கீழ லிண்டன் 2008, ஃபைண்டிங்ஸ் "கணினி வழிக் கற்றல் மாணவர்களின் கற்றலைக் குறைக்கிறது". ரெண்டுக்கும் முறை "சோதனை முறை". ரெண்டுக்கும் சாம்பிள் "குஜராத் ஆரம்பப் பள்ளி மாணவர்கள்". இத்தனைக்கும் லிண்டன் ரெண்டுலயும் இருக்காரு, அதே ஆளு!

"அக்கா, இதுல எது கரெக்ட்டு?"ன்னு கேட்டா. டேபிளைப் பாத்து அதுக்குப் பதில் சொல்ல முடியல, ஏன்னா ரெண்டு வரிசைக்கும் நடுவுல இருக்குற வித்தியாசம் எதுவுமே டேபிள்ல ஏறல. ஒரே மாநிலம், ஒரே முறை, நேர் எதிரான முடிவு. வைவாவுல எக்ஸ்டர்னல் கண்ணு மொதல்ல போய் நிக்கிற எடமே இதுதான். நெறைய பேரு என்ன பண்ணுவாங்கன்னா, கீழ பாராவுல "ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன"ன்னு ஒரு வரி போட்டுத் தப்பிச்சுக்குவாங்க. முரண்படுதுன்னு சொல்றது ரிவியூ இல்ல, எதனால முரண்படுதுன்னு சொல்றதுதான் ரிவியூ.

சரின்னு ரெண்டு பேப்பரையும் முழுசாத் திறந்து வச்சு, பிள்ளைங்களுக்கு உண்மையில என்ன நடந்துச்சுன்னு தேடினோம். மொத பேப்பர்ல கம்ப்யூட்டர் பகுதி நடந்தது வடோதராவுல, நாலாம் வகுப்புல. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பிள்ளைங்க, கணக்கு விளையாட்டு. அந்த ரெண்டு மணி நேரத்துல ஒன்னு வகுப்பு நேரத்துல, இன்னொன்னு ஸ்கூலுக்கு முன்னாடியோ பின்னாடியோ. ரெண்டாவது வருஷக் கடைசியில கணக்குல 0.47 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் ஏறிருக்கு. ரெண்டாவது பேப்பர் கியான் ஷாலாங்குற தொண்டு நிறுவனம் நடத்துற வகுப்புகள்ல, ரெண்டாம் மூணாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட பண்ணது. அதுல திட்டத்தையே ரெண்டு விதமா நடத்திப் பாத்திருக்காங்க. ஒன்னு, வழக்கமான வகுப்பு நேரத்துலேயே பிள்ளைங்களைக் கம்ப்யூட்டருக்குக் கூட்டிட்டுப் போறது. அப்ப மார்க் 0.57 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் எறங்கிருக்கு. இன்னொன்னு, வகுப்பு முடிஞ்சப்புறம் கூடுதலா. அப்ப சராசரியா 0.28 ஏறிருக்கு. ஆக அந்த ஒரு பேப்பருக்குள்ளயே எறக்கமும் இருக்கு ஏத்தமும் இருக்கு, உமையாள் பாதியைத்தான் எழுதியிருந்தா.

இங்க நிறுத்தியிருந்தா "வகுப்பு நேரத்தை எடுத்துக்கிட்டா நஷ்டம், கூடுதலாக் குடுத்தா லாபம்"னு ஒரு அழகான முடிவு கெடைக்கும். உமையாள் பேனாவை எடுத்து எழுதவே ஆரம்பிச்சுட்டா. ஆனா அதே 2007 பேப்பர்ல இன்னொரு பாதி இருக்கு, பால்சகி திட்டம். பிரதம் அமைப்பு மும்பையிலயும் வடோதராவுலயும் நடத்தினது. அந்தந்த ஏரியாப் பொண்ணு ஒருத்தர் வந்து, மூணாம் நாலாம் வகுப்புல பின்தங்கின பிள்ளைங்களைத் தனியாக் கூட்டிட்டுப் போய் அடிப்படையைச் சொல்லிக்குடுக்குறது, அதுவும் தினமும் சுமார் ரெண்டு மணி நேரம், ஸ்கூல் நேரத்துக்குள்ளயே. அதாவது இதுவும் வகுப்பு நேரத்தை எடுத்துக்கிட்டதுதான். ஆனா ரெண்டாவது வருஷத்துல 0.28 ஏறிருக்கு, ஏத்தத்துல பெரும்பங்கு அந்தப் பின்தங்கின பிள்ளைங்களோடதுதான். அப்ப "வகுப்பு நேரத்தை எடுத்தா நஷ்டம்"ங்குறதும் நிக்காது.

பக்கத்துல ஊஞ்சல்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்த அவங்க ஐயா, அந்தக் காலத்துல வட்டிக்கடைக் கணக்கு எழுதினவரு, தாளை வாங்கிப் பாத்துட்டு, "எல்லா வரிசையிலயும் வந்ததை மட்டும் எழுதியிருக்கியே ஆத்தா, குடுத்தது எங்க? வரவுக்குப் பக்கத்துல பற்று இல்லாட்டி அது கணக்கா?"ன்னாரு. அவருக்கு கன்ட்ரோல் குரூப்னா என்னன்னு தெரியாது, ஆனா கரெக்டா அதைத்தான் கேட்டாரு. பிள்ளைங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்த அந்த நேரத்துல எதை இழந்தாங்க, திட்டத்துல இல்லாத பிள்ளைங்க அதே நேரத்துல என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? கியான் ஷாலாவுல வழக்கமான வகுப்பே நல்லாத் திட்டம் போட்டு நடத்துற வகுப்பு, அதை எடுத்துட்டு கம்ப்யூட்டரை வச்சா எறங்கும். பால்சகி பிள்ளைங்க இழந்தது, அவங்களுக்குப் புரியாமப் போயிக்கிட்டு இருந்த வகுப்பு. அந்த எடத்துல அவங்க மட்டத்துக்குச் சொல்லிக்குடுக்குற ஆள் வந்தாங்க, ஏறுச்சு. மோதல்னு நெனச்சது இப்ப ஓரளவு விளங்க ஆரம்பிச்சுச்சு.

அதனால முறைங்குற கட்டத்துல "சோதனை முறை", "அளவுசார் ஆய்வு"ன்னு ஒரு பேரை மட்டும் எழுதுறது வேஸ்ட். நான் அதுல மூணு விஷயம் வரணும்னு சொல்லுவேன். யாரை யாரோட ஒப்பிட்டாங்க, அந்தப் பிரிவினையை எப்படிப் பண்ணாங்க, ஒப்பீட்டுப் பக்கத்துல இருந்தவங்களுக்கு என்ன கெடைச்சுச்சு. பால்சகியில இது ரொம்ப நேர்த்தியா இருக்கும், ஒரு ஸ்கூலுக்கு பால்சகி கெடைச்சா மூணாம் வகுப்புக்கோ நாலாம் வகுப்புக்கோ ஒன்னுக்குத்தான், எதுக்குன்னு குலுக்கல்ல முடிவு பண்ணுவாங்க. அப்ப ஒரு ஸ்கூலோட மூணாம் வகுப்பை இன்னொரு ஸ்கூலோட மூணாம் வகுப்போட ஒப்பிடலாம், எந்த ஸ்கூலும் வெறுங்கையோட நிக்காது. இதை ஒரு வரியில எழுதிட்டா படிக்கிறவருக்கு அந்த ஆய்வை எவ்வளவு நம்பலாம்னு தெரிஞ்சுரும். லிண்டன் 2008 வரிசையை நாங்க கடைசியா இப்படி மாத்தினோம்:

நோக்கம்: கணினிப் பயிற்சி வகுப்புக்கு மாற்றாக வரும்போதும் கூடுதலாக வரும்போதும் கற்றலில் என்ன வேறுபாடு?
முறை: குலுக்கல் முறையில் ஒதுக்கீடு, (அ) வகுப்பு நேரத்திற்குள், (ஆ) வகுப்பு நேரத்திற்கு வெளியே, ஒப்பீட்டுப் பிரிவுக்கு நிறுவனத்தின் வழக்கமான வகுப்பு மட்டும்.
சாம்பிள்: குஜராத், தொண்டு நிறுவன வகுப்புகள் (அரசுப் பள்ளி அல்ல), 2, 3 ஆம் வகுப்பு.
ஃபைண்டிங்ஸ்: (அ) 0.57 திட்ட விலக்கம் குறைவு. (ஆ) சராசரியாக 0.28 அதிகம்.

சாம்பிள்ல "அரசுப் பள்ளி அல்ல"ங்குற மூணு வார்த்தை சும்மா போட்டது இல்ல. மேல சொன்ன விளக்கமே அதுலதான் தொங்குது.

நோக்கம் கட்டத்துக்குப் பெருசா சொல்ல ஒன்னும் இல்ல. அந்த ஆய்வாளர் கேட்ட கேள்வியைக் கேள்வியாவே எழுதிருங்க. உங்க தலைப்புக்குத் தோதா அவங்க நோக்கத்தை வளைக்காதீங்க, அவ்வளவுதான்.

சாம்பிள் கட்டம்தான் ஆளை ஏமாத்தும். உமையாள் டேபிள்ல முரளிதரன், சிங், கானிமியன் 2019 வரிசை இருந்துச்சு, டெல்லியில மைண்ட்ஸ்பார்க்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு நடத்தின சென்டர்களைப் பத்துனது. சாம்பிள்ல "டெல்லி மாணவர்கள் 619 பேர்"னு எழுதியிருந்தா. எண்ணிக்கை சரிதான், ஆனா அந்த 619 பேரு யாரு? ஏறக்குறைய எல்லாரும் 6-லருந்து 9 வரைக்கும் படிக்கிற அரசுப் பள்ளிப் பிள்ளைங்க, ஆரம்பப் பள்ளி ஆய்வுன்னு சொல்ல முடியாது. அதோட, சென்டரைப் பத்தி விளக்கம் கேட்டு விருப்பப்பட்டுப் பேரு குடுத்தவங்க, அவங்களுக்குள்ள குலுக்கிப் போட்டுத்தான் யாருக்கு இலவசமா எடம்னு முடிவு பண்ணாங்க. ஆர்வமே இல்லாத பிள்ளைகிட்ட இது எப்படி வேலை செய்யும்னு இந்த ஆய்வு சொல்லல, சொல்றதாவும் அவங்க எழுதல. அப்புறம் குலுக்கல்ல எடம் கெடைச்சவங்க சராசரி வருகை 58 சதவீதம்தான். ஏத்தம்னு சொல்ற 0.37 (கணக்கு), 0.23 (இந்தி) ரெண்டும் ஒழுங்கா வராத பிள்ளைங்களையும் சேத்துப் போட்ட சராசரி. இது தெரியாம எழுதினா "சாஃப்ட்வேர் தினமும் பயன்படுத்தினால் இவ்வளவு ஏறும்"னு தப்பான வாக்கியம் வந்து விழும். இன்னொன்னும் இருக்கு, அந்த சென்டர்ல ஒரு செஷன் 90 நிமிஷம், அதுல பாதி நேரம் சாஃப்ட்வேர், மீதிப் பாதி சின்னக் குழுவா டீச்சர் சொல்லிக்குடுக்குறது. ஏத்தம் ரெண்டும் சேந்த பேக்கேஜுக்கு, கம்ப்யூட்டருக்கு மட்டும் இல்ல. இதையும் முறைக் கட்டத்துல ஏத்தச் சொன்னேன்.

இப்ப ஃபைண்டிங்ஸ். இதுலதான் நான் பாத்த டேபிள்கள்ல அதிகமாத் தப்பு நடக்குது, அதுலயும் 0.37-ஐ "37 சதவீதம் உயர்ந்தது"ன்னு எழுதுறது ரொம்பச் சகஜம், உமையாளும் அப்படித்தான் எழுதியிருந்தா. ஸ்டாண்டர்ட் டீவியேஷன் சதவீதம் இல்ல. பிள்ளைங்க மார்க் ஒருத்தருக்கொருத்தர் எவ்வளவு பரவிக் கெடக்குதோ அந்தப் பரவலை ஒரு அளவா வச்சுக்கிட்டு, அதுல 0.37 பங்கு நகந்திருக்குன்னு அர்த்தம். 37 மார்க்கும் இல்ல, 37 சதவீதமும் இல்ல. அந்தப் பரவல் ஆய்வுக்கு ஆய்வு மாறும், டெஸ்ட்டும் மாறும், பிள்ளைங்களும் மாறுவாங்க. அதனாலதான் இந்த டேபிள்லயே ரெண்டு எடத்துல 0.28 வந்தும் (பால்சகியில ஒன்னு, கியான் ஷாலாவுல வகுப்புக்கு வெளிய நடந்ததுல ஒன்னு) ரெண்டும் ஒரே அளவு பலன்னு எழுத முடியாது. உமையாள் அந்த ரெண்டு 0.28-ஐயும் பாத்துட்டு ஒரே எண்ணை ரெண்டு தடவை காப்பி பண்ணிட்டோமோன்னு பயந்து போனா. காப்பி இல்ல, தற்செயல்தான்.

இதுக்கு நேர் எதிரா, சதவீதம்னு உண்மையிலேயே இருக்குற எடத்துலயும் மாட்டிக்குவோம். சிங், ரொமேரோ, முரளிதரன் மூணு பேரும் நம்ம தமிழ்நாட்டுக் கிராமங்கள்ல சுமார் 19,000 பிள்ளைங்களை வச்சு, கொரோனா லீவுல எவ்வளவு படிப்பு போச்சு, எவ்வளவு திரும்ப வந்துச்சுன்னு பாத்தாங்க, 2022-ல வொர்க்கிங் பேப்பரா வந்துச்சு. 2021 டிசம்பர்ல டெஸ்ட் வச்சப்ப, 2019-ல அதே ஊர்ல அதே வயசுல இருந்த பிள்ளைங்களை விட கணக்குல சுமார் 0.73, மொழியில 0.34 ஸ்டாண்டர்ட் டீவியேஷன் பின்னாடி இருந்தாங்க. ஸ்கூல் திறந்து 6 மாசத்துல அந்தப் பள்ளத்துல மூணுல ரெண்டு பங்கு நிரம்பிருச்சு. அந்த மீட்சியில சுமார் 24 சதவீதத்தை இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தோட கணக்குல சேக்குறாங்க. உமையாள் எழுதியிருந்தது, "இல்லம் தேடிக் கல்வியால் 24 சதவீத மாணவர்கள் முன்னேறினர்". இது முழுசா வேற அர்த்தம்! 24 சதவீதம் பிள்ளைங்களோட எண்ணிக்கை இல்ல, திரும்ப வந்த படிப்புல ஒரு பங்கு. சதவீதம்னு எழுதுனா எதுல சதவீதம்னு அதே கட்டத்துல எழுதிருங்க, மூணு வார்த்தைதான் கூடும்.

இந்த வரிசையில முறையும் மத்ததுல இருந்து வேற. இங்க குலுக்கல் கெடையாது, இல்லம் தேடிக் கல்விக்கு யாரு போனாங்கன்னு ஆய்வாளர் முடிவு பண்ணல. பழைய மார்க்கையும் கணக்குல எடுத்துக்கிட்டு ஒரு மாடல் போட்டு அந்த 24-ஐ வரவச்சிருக்காங்க. நல்ல வேலைதான், ஆனா பால்சகி எண்ணும் இதுவும் ஒரே உறுதியோட பேசல. முறைப் பத்தியை மேலருந்து கீழ விரலை வச்சு ஓட்டினா குலுக்கல், குலுக்கல், குலுக்கல், மாடல்னு தானாத் தெரியணும், அப்பத்தான் அந்தப் பத்தி வேலை செய்யுது.

ஃபைண்டிங்ஸ்ல விட்டுப்போற இன்னொன்னு, எப்ப அளந்தாங்கங்குறது. பால்சகி 0.28-ங்குறது ரெண்டாவது வருஷக் கடைசியில. திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு அதே பேப்பர்லயே அளந்திருக்காங்க, அப்ப அது சுமார் 0.10-க்கு வந்துருச்சு. பின்தங்கின பிள்ளைங்களுக்கு ஏத்தம் மிச்சம் இருந்துச்சு, ஆனா கரைஞ்சு போச்சு. 0.28-ஐ மட்டும் எழுதிட்டு 0.10-ஐ விட்டா பொய்னு சொல்ல முடியாது, ஆனா படிக்கிறவரு தப்பாப் புரிஞ்சுக்குவாரு. மைண்ட்ஸ்பார்க் எண்ணு சுமார் நாலரை மாசத்துல வந்தது. அதைப் பக்கத்துல வச்சா, ரெண்டு வருஷ எண்ணையும் நாலரை மாச எண்ணையும் "எது பெருசு"ன்னு ஒப்பிட முடியாதுன்னு டேபிளே சொல்லிரும்.

இப்படி ஒவ்வொரு பத்தியா கீழ் நோக்கிப் படிச்சப்புறம்தான் உமையாளை பாரா எழுத விட்டேன். மொதல்ல அவ வச்சிருந்தது "பானர்ஜி மற்றும் பலர் (2007) கண்டறிந்தனர்... லிண்டன் (2008) கண்டறிந்தார்... முரளிதரன் மற்றும் பலர் (2019) கண்டறிந்தனர்"னு வரிசை வரிசையா டேபிளை வாக்கியமாக்கின பாரா. அதான் டேபிள்லயே இருக்கே, அதை ஏன் மறுபடி? இப்ப அவ எழுதினது ஏறக்குறைய இப்படி: "கூடுதல் பயிற்சியின் பலன், அது எந்தக் கற்பித்தலை இடம்பெயர்த்தது என்பதைப் பொறுத்து மாறுகிறது. முறையாக நடந்த வகுப்புக்கு மாற்றாகக் கணினி வந்தபோது கற்றல் குறைந்தது (லிண்டன், 2008). பின்தங்கிய மாணவர்களின் வழக்கமான வகுப்புக்கு மாற்றாக அவர்கள் நிலைக்கேற்ற கற்பித்தல் வந்தபோது உயர்ந்தது, ஆயினும் ஓராண்டில் பெரிதும் தேய்ந்தது (பானர்ஜி மற்றும் பலர், 2007)." ஒரே பாராவுல ரெண்டு ஆய்வு ஒன்னையொன்னு பாத்துப் பேசுது. "இடம்பெயர்த்தது"ங்குறது ஆய்வுகளை ஒப்பிட்டு நாம எடுத்த விளக்கம், ரெண்டு பேப்பரும் சேந்து அதை நிரூபிச்சுருச்சுன்னு எழுதக் கூடாதுன்னும் சொன்னேன். அடுத்த பாராவுல "இதுவரையிலான ஆய்வுகளை ஒருங்கிணைத்து நோக்கும்போது தோன்றும் ஒரு விளக்கம்"னு போட்டுக்கிட்டா.

அவளோட ஆய்வு இடைவெளியும் இதுல இருந்தே கெடைச்சுச்சு. சாம்பிள் பத்தியை இறக்கமாப் படிச்சா குஜராத், மும்பை, டெல்லி, அப்புறம் ஒரே ஒரு தமிழ்நாடு. முறைப் பத்தியில ஒப்பீட்டுப் பக்கம் என்ன நடந்துச்சுன்னு பாத்தா, தமிழ்நாட்டு வரிசையில மட்டும் அது தெளிவா இல்ல, இல்லம் தேடிக் கல்வியோட சாயங்கால வகுப்புக்குப் போகாத பிள்ளை அந்த நேரத்துல டியூஷன்ல இருந்துச்சா, வீட்டுல இருந்துச்சா? சாக்கோட்டை ஒன்றியத்துல சில ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட அதைக் கேக்கலாம்னு முடிவு பண்ணா. "இந்த ஊர்ல யாரும் ஆய்வு செய்யவில்லை"ன்னு எழுதுற இடைவெளியை விட இது பரவாயில்ல. எந்த ஊரையும் போட்டு எழுதக்கூடிய வரி அது.

வேலை பண்ற ஃபைலைப் பத்தி ஒன்னு. நாலு பத்தி டேபிள் தீசிஸ்ல அச்சாகுறதுக்கு, நீங்க வேலை பண்ற ஃபைல் அது இல்ல. கூகுள் ஷீட்ஸ்ல தனியா ஒரு ஷீட் வச்சு, ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்துல பேப்பர்ல எந்தப் பக்கம்னு நம்பர் போடுங்க, கூடவே வொர்க்கிங் பேப்பரா ஜர்னல்ல வந்ததாங்குறதையும் எழுதுங்க, ஏன்னா ஒரே ஆய்வோட ரெண்டு வெர்ஷன்ல எண்ணு மாறி இருக்கலாம், நீங்க எதை எடுத்தீங்கன்னு வருஷத்தோட தெரியணும். ஆப்ஸ்ட்ராக்ட்ல இருந்து மட்டும் எடுத்த கட்டத்தை மஞ்சள் கலர்ல போட்டு வைங்க, முழு பேப்பரைப் பாத்ததும் கலரை எடுத்துருங்க. உமையாள் ஷீட்ல இப்பவும் மஞ்சள் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அந்த வரிசைங்களை அவ இன்னும் தீசிஸுக்கு மாத்தல.

வேர்டுக்கு மாத்துறப்ப அந்தப் பக்கத்தை மட்டும் Landscape ஆக்கணும், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் Section Break போட்டாத்தான் மத்த பக்கம் திரும்பாம நிக்கும். தலைப்பு வரிசையை செலக்ட் பண்ணி Repeat Header Rows அமுக்குங்க, இல்லாட்டி ரெண்டாவது பக்கத்துல எந்தப் பத்தி எதுன்னே தெரியாது. முறைக்கும் ஃபைண்டிங்ஸுக்கும் அகலத்தை அதிகமாக் குடுத்து நோக்கத்தைச் சுருக்கிருங்க. ஒரு கட்டம் நாப்பது வார்த்தையைத் தாண்டுச்சுன்னா அது டேபிள்ல இருக்க வேண்டிய விஷயம் இல்ல, கீழ பாராவுக்கு எறக்கிருங்க. மைண்ட்ஸ்பார்க் வருகைக் கணக்கை நாங்க அப்படித்தான் எறக்கினோம், கட்டத்துல "விருப்பப்பட்டுச் சேர்ந்தோர், சராசரி வருகை 58 சதவீதம்"னு மட்டும் விட்டுட்டு.